பனடோல் நஞ்சாகும்போது: ஈரலைக் காக்கும் முதல் எட்டு மணித்தியாலங்கள்

மலையகத்தில் ஒரு லயன் வீட்டில் வேறு எந்த மருந்து இல்லாவிட்டாலும் பனடோல் கார்ட் ஒன்று இருக்கும். கொழுந்துக் கூடை சுமந்த கழுத்து வலிக்கும், மழையில் நனைந்து வந்த காய்ச்சலுக்கும், பல்வலிக்கும், மாதவிடாய் வலிக்கும் அதுதான் முதல் மருந்து. தோட்ட டிஸ்பென்சரியில் கடதாசி உறையில் போட்டுக் கொடுப்பதும் பெரும்பாலும் அதே பரசிற்றமோல்தான். பெயர் எதுவாக இருந்தாலும் குளிசைக்குள் இருப்பது ஒன்றே. அளவோடு எடுத்தால் உலகிலேயே பாதுகாப்பான வலிநிவாரணிகளில் ஒன்று என்பதில் ஐயமில்லை. அந்த நம்பிக்கைதான் ஆபத்தும் ஆகிறது. அளவு மீறினால் அது ஈரலைக் கொல்லும் என்பதைப் பலர் அறிவதில்லை. அறிந்தவர்களும், கொல்வதற்கு முன் அது ஒரு முழு நாள் மௌனமாக இருக்கும் என்பதை அறிவதில்லை.

இலங்கையில் நஞ்சருந்துதல் என்றால் நீண்ட காலம் கிருமிநாசினிதான். 1995 ஆம் ஆண்டில் நாட்டின் தற்கொலை வீதம் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 என்ற உச்சத்தைத் தொட்டது. அதன் பிறகு கொடிய கிருமிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. பரகுவாட் போன்றவையும் பின்னர் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. இறப்புகள் பெருமளவு குறைந்தன. ஆனால் குளிசைகளை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டு வைத்தியசாலைக்கு வருவோரின் தொகை, குறிப்பாக இளவயதினரிடையே, கூடியது. அவர்களில் பலர் விழுங்கியது வீட்டில் கைக்கெட்டிய பரசிற்றமோல்.

இந்த நஞ்சுக்கு நல்ல மாற்று மருந்து உண்டு. நேரத்தோடு கொடுத்தால் அநேகமாக எல்லோரையும் காப்பாற்றும். அந்த நேரம் எவ்வளவு, அது ஏன் அவ்வளவு குறுகியது என்பதை ஈரலுக்குள் நடப்பதைப் பார்த்தால் விளங்கிக்கொள்ளலாம்.

ஈரலுக்குள் மூன்று வழிகள்

விழுங்கிய பரசிற்றமோல் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தோடு ஈரலுக்குப் போகிறது. அதை உடலிலிருந்து அகற்றும் வேலை ஈரலுடையது. வழக்கமான அளவில் பத்தில் ஒன்பது பங்கு இரண்டு வழிகளால் வெளியேறும். ஒரு வழியில் சீனி போன்ற ஒரு மூலக்கூறும், மற்ற வழியில் கந்தகம் கொண்ட சல்பேற்றும் பரசிற்றமோலோடு ஒட்டப்படும். அப்படி ஒட்டப்பட்ட மருந்து நீரில் கரைந்து சிறுநீரோடு போய்விடும். இந்த இரண்டு வழிகளாலும் தீங்கில்லை.

மீதியில் ஒரு சிறு பங்கு, நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை, மூன்றாவது வழியில் போகிறது. ஈரல் கலங்களில் உள்ள ஒரு நொதியம் அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது. வேதியியலாளர்கள் சுருக்கமாக ‘நாப்கி’ என்று அழைக்கும் இந்தப் பொருள்தான் நஞ்சு. பரசிற்றமோல் தானாக ஈரலைக் கொல்வதில்லை. ஈரலே அதிலிருந்து செய்யும் இந்தத் துணைப்பொருள்தான் கொல்கிறது. நாப்கி எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கும் ஒரு மூலக்கூறு. தோன்றிய கணத்தில் அருகில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்படியென்றால் தினமும் இரண்டு குளிசை விழுங்குபவருக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? ஈரல் கலத்துக்குள் குளுற்றாதயோன் என்ற காவற்பொருள் ஒன்று நிறைய இருக்கிறது. நாப்கி தோன்றியவுடன் அது தன்னைக் கொடுத்து நாப்கியைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட நாப்கி தீங்கற்றதாகி சிறுநீரோடு போய்விடும். செலவான குளுற்றாதயோனை ஈரல் மெல்ல மெல்லத் திரும்பச் செய்துகொள்ளும். வரவும் செலவும் சமமாக இருக்கும் வரை சிக்கல் இல்லை.

அளவு மீறும்போது இந்தக் கணக்கு குலைகிறது. முதலில் தீங்கற்ற வழிகள் நிரம்பி வழியத் தொடங்கும். குறிப்பாகச் சல்பேற்று வழி விரைவில் தன் எல்லையைத் தொட்டுவிடும். எஞ்சிய மருந்து மூன்றாவது வழியில் தள்ளப்படும். நாப்கி வழக்கத்தைவிடப் பல மடங்கு உண்டாகும். குளுற்றாதயோன் செய்யப்படுவதைவிட வேகமாகச் செலவாகும். 1973 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் எலிகளில் இதைப் படிப்படியாகக் காட்டினர். குளுற்றாதயோன் கையிருப்பில் சுமார் 70 சதவீதத்துக்கு மேல் தீர்ந்த பிறகுதான் ஈரல் கலங்கள் சேதமாகத் தொடங்குகின்றன. அதுவரை கலம் தாங்கிக்கொள்கிறது. அந்த எல்லையைத் தாண்டியதும் நாப்கி கலத்தின் சொந்தப் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. அவற்றில் மிக முக்கியமானவை இழைமணிகளின் புரதங்கள். கலத்துக்குச் சக்தி தருவது இழைமணிகள். அவை செயலிழந்தால் கலம் இறந்துபோகும்.

சேதம் ஈரல் முழுவதும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஈரலின் ஒவ்வொரு சிறு பகுதியிலும் நடுவில் உள்ள நாளத்தைச் சுற்றியிருக்கும் கலங்களே முதலில் சாகின்றன. நாப்கியைச் செய்யும் நொதியம் அங்கேதான் அதிகம். ஒட்சிசனும் அங்கேதான் குறைவு.

மௌனமான முதல் நாள்

இந்த நஞ்சின் மிகப் பெரிய சூது அதன் கால அட்டவணை. விழுங்கிய முதல் சில மணித்தியாலங்களில் கொஞ்சம் குமட்டல், ஓரிரு தடவை வாந்தி, சோர்வு வரலாம். பலருக்கு அதுவும் வராது. மயக்கம் வராது, மூச்சுத் திணறாது, வாயில் நுரை தள்ளாது. கிருமிநாசினி குடித்தவரைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இவர் சுகமாக இருப்பவர். “ஒண்ணும் இல்ல, தூங்கட்டும்” என்று வீட்டார் விட்டுவிடுவது இதனால்தான். மறுநாள் காலை எழுந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போனவர்களும் உண்டு.

இந்த நேரத்தில் ஈரலுக்குள் குளுற்றாதயோன் தீர்ந்துகொண்டிருக்கும். 24 மணித்தியாலங்களுக்குப் பிறகு வலது விலா எலும்பின் கீழ் வலி தொடங்கும். இரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி என்ற ஈரல் நொதியம் ஏறத் தொடங்கும். வழக்கத்தில் 40ஐ ஒட்டி இருக்க வேண்டிய அந்த எண் ஆயிரங்களுக்குப் போகும். ஆயிரத்தைத் தாண்டினால் வைத்தியர்கள் அதைக் கடும் ஈரல் சேதம் என்பார்கள். மூன்றாம், நான்காம் நாட்களில் சேதம் உச்சத்தைத் தொடும். கண் மஞ்சளாகும். இரத்தம் உறையும் தன்மை குறையும். சிலருக்குச் சிறுநீரகமும் செயலிழக்கும். ஈரல் முற்றாகத் தோற்றால் நோயாளி குழம்பிப் பேசி, பின் நினைவிழப்பார். இது வலியில்லாத தூக்கம் போல வரும் சாவு அல்ல. நினைவோடு பல நாட்கள் நீளும் நோய். அந்த நாட்களுக்குள் தன் முடிவை எண்ணி வருந்தி, வாழ வேண்டும் என்று கேட்பவர்களை வைத்தியர்கள் பார்த்திருக்கிறார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. இந்தக் கட்டத்தைத் தாண்டிப் பிழைப்பவரின் ஈரல் பெரும்பாலும் முழுதாக மீண்டும் வளர்ந்துவிடும். நீடித்த குறை தங்குவது அரிது.

சளி மருந்து மாற்று மருந்தான கதை

அளவு மீறிய பரசிற்றமோல் ஈரலைக் கொல்லும் என்ற செய்தி 1966 இல்தான் ஸ்கொட்லாந்திலிருந்து மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அந்த மருந்து பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்துவிட்டது. எடின்பரோவில் லோரி பிரெஸ்கொட் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் இத்தகைய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து வந்தனர். குளுற்றாதயோன் தீர்வதே காரணம் என்று தெரிந்ததும் கேள்வி எளிதாயிற்று. அதை எப்படித் திரும்ப நிரப்புவது?

குளுற்றாதயோனை நேரடியாக ஏற்றினால் பயன் குறைவு. அது இரத்தத்திலிருந்து கலத்துக்குள் இலகுவில் நுழையாது. அதைச் செய்வதற்கு ஈரலுக்கு மூன்று அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றில் இரண்டு தாராளமாகக் கிடைப்பவை. தட்டுப்பாடாக இருப்பது சிஸ்ரீன் என்ற மூன்றாவது. ஆகவே சிஸ்ரீனைக் கலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் மருந்தே தேவைப்பட்டது. அசிற்றைல்சிஸ்ரீன் அதைச் செய்தது. அது அதற்கு முன்பே நெஞ்சுச் சளியை இளக்கப் பயன்பட்டு வந்த பழைய மருந்து.

1979 இல் பிரெஸ்கொட் குழு இந்த மருந்தை நாளம் வழியாக ஏற்றிய 100 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டது. எட்டு மணித்தியாலங்களுக்குள் மருந்து தொடங்கப்பட்ட 40 பேரும் ஏறத்தாழ முழுமையாகத் தப்பினர். பத்து மணித்தியாலங்களுக்குள் தொடங்கிய 62 பேரில் ஒருவருக்கு மட்டுமே கடும் ஈரல் சேதம் வந்தது. மாற்று மருந்து இல்லாமல் முன்னர் சிகிச்சை பெற்ற 57 பேரில் 33 பேருக்கு அந்தச் சேதம் வந்திருந்தது. எட்டு மணித்தியாலங்களுக்குப் பிறகு பாதுகாப்பு ஒவ்வொரு மணித்தியாலமாகத் தேய்ந்தது.

ஏன் எட்டு மணித்தியாலம் என்பதற்கான பதில் முன்னர் சொன்ன கணக்கில் இருக்கிறது. குளுற்றாதயோன் ஒரே நொடியில் தீர்வதில்லை. எல்லையைத் தொடுவதற்குச் சில மணித்தியாலங்கள் எடுக்கும். அதற்குள் சிஸ்ரீன் வந்து சேர்ந்தால் ஈரல் தன் கையிருப்பை நிரப்பிக்கொண்டே நாப்கியைப் பிடிக்கும். நாப்கி இழைமணிப் புரதங்களைப் பற்றிய பிறகு வந்தால் பிடிப்பதற்கு நாப்கி அதிகம் மிச்சமிருக்காது. சேதம் தன் வழியில் ஓடத் தொடங்கியிருக்கும். வெள்ளம் வரும்முன் அணை கட்டுவதற்கும் வந்தபின் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

அதனால் பிந்தி வருபவருக்கு மருந்து வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. 1991 இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் ஏற்கெனவே ஈரல் தோற்றுப்போன 50 பேரில் பாதிப் பேருக்கு இதே மருந்து ஏற்றப்பட்டது. மருந்து பெற்ற 25 பேரில் 12 பேர் பிழைத்தனர். பெறாத 25 பேரில் 5 பேர் மட்டுமே பிழைத்தனர். பிந்திய நேரத்தில் அது நாப்கியைப் பிடிக்க உதவாவிட்டாலும், நலிந்த ஈரலுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் ஒட்சிசன் சேர்வதற்குக் கைகொடுப்பதாகக் கருதப்படுகிறது. முந்தினால் தடுக்கும், பிந்தினால் தாங்கும்.

மஸ்கெலியாவுக்கு மேலே: ஓர் உதாரணம்

இந்த நேரக் கணக்கை நம் மலைப் பாதைகளில் வைத்துப் பார்ப்போம். கீழே வருபவர் உண்மையான ஒருவர் அல்லர். விளக்கத்துக்காக எடுத்த உதாரணம்.

மஸ்கெலியாவுக்கு மேலுள்ள ஒரு தோட்டத்தில் 20 வயதுப் பெண். எடை 45 கிலோ. இரவு 8 மணிக்கு வீட்டுச் சண்டையின் பின் பனடோல்களை விழுங்கிவிடுகிறாள். எத்தனை என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. வெறும் கார்ட்கள் மட்டும் இருக்கின்றன. 10 மணிக்கு மனம் மாறி அக்காவிடம் சொல்கிறாள். அக்கா பொழுது விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. 1990 இற்கு அழைக்கிறாள். அம்புலன்ஸ் பிந்தும் என்று தெரிந்தால் தோட்டத்து லொறியோ திரீவீலோ போதும். நோர்வூட் வழியாக டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு வந்து சேர இரவு 11.30 ஆகிறது. விழுங்கி மூன்றரை மணித்தியாலம்.

வைத்தியர் முதலில் கேட்பது ‘எத்தனை’ என்பதை அல்ல, ‘எத்தனை மணிக்கு’ என்பதை. எல்லாத் தீர்மானங்களும் அந்த நேரத்தை வைத்தே நடக்கும். ஒன்று, இரண்டு மணித்தியாலங்களுக்குள் வந்திருந்தால் வயிற்றிலுள்ள மருந்தை உறிஞ்ச மருத்துவக் கரித்தூளைக் குடிக்கக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு அதன் பயன் குறையும்.

அடுத்தது இரத்தத்தில் மருந்தின் அளவு. அதை விழுங்கி நான்கு மணித்தியாலங்களுக்கு முன் எடுத்தால் பயனில்லை. குடலிலிருந்து மருந்து இன்னும் ஏறிக்கொண்டிருப்பதால் எண் தவறான ஆறுதலைத் தரும். ஆகவே இரவு 12 மணிக்கு இரத்தம் எடுக்கப்படுகிறது. வைத்தியர்களிடம் ஒரு வரைபடம் உண்டு. 1975 இல் ருமாக், மத்தியூ என்ற இருவர் உருவாக்கியது. இன்று பல நாடுகளில் பயன்படும் கோட்டின்படி, நான்காவது மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் இரத்தத் திரவத்தில் 150 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மாற்று மருந்து வேண்டும். அந்தக் கோடு ஒவ்வொரு நான்கு மணித்தியாலத்துக்கும் பாதியாகக் குறையும். எட்டாவது மணித்தியாலத்தில் 75, பன்னிரண்டாவதில் 37.5. நம் உதாரணப் பெண்ணுக்கு 12 மணிக்கு 210 என்று வருகிறது என்று வைப்போம். கோட்டுக்கு மேலே. மருந்து வேண்டும். இதே வரைபடம் இன்னொன்றையும் சொல்கிறது. மறுநாள் காலை 8 மணிக்கு எடுத்த இரத்தத்தில் 45 மட்டுமே இருந்தால் அது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் பன்னிரண்டாவது மணித்தியாலத்துக்கு அதுவும் கோட்டுக்கு மேலே. நேரம் தெரியாத எண்ணுக்கு அர்த்தமில்லை.

இந்தப் பரிசோதனை எல்லா வைத்தியசாலைகளிலும் செய்யப்படுவதில்லை. முடிவு வரத் தாமதமாகும் என்றால், விழுங்கியது ஆபத்தான அளவாக இருக்கலாம் என்று தோன்றினால், எட்டு மணித்தியாலம் நெருங்கினால், வைத்தியர்கள் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவார்கள். தேவையில்லை என்று பின்னர் தெரிந்தால் நிறுத்திவிடலாம். பிந்திய மணித்தியாலத்தைத் திரும்பப் பெற முடியாது.

மருந்து எடைக்கேற்ப மூன்று கட்டங்களில் சேலைனோடு ஏற்றப்படுகிறது. இன்று பரவலாக உள்ள முறையில் முதல் ஒரு மணித்தியாலத்தில் கிலோவுக்கு 150 மில்லிகிராம், அடுத்த நான்கு மணித்தியாலத்தில் 50, அடுத்த பதினாறு மணித்தியாலத்தில் 100. 45 கிலோ பெண்ணுக்கு அது 6,750, 2,250, 4,500 மில்லிகிராம். மொத்தம் 13.5 கிராம், 21 மணித்தியாலம். அதிகாலை 1 மணிக்குத் தொடங்கினால் இரவு 10 மணிக்கு முடியும். விழுங்கி ஐந்தாவது மணித்தியாலத்தில் தொடங்கியாயிற்று. முடிவில் ஏஎல்டியும் இரத்த உறைவும் பார்க்கப்படும். சரியாக இருந்தால் அவள் ஈரல் காயமில்லாமல் வீடு திரும்பலாம்.

முதல் மணித்தியாலத்தில் சிலருக்கு முகம் சிவக்கும், உடல் அரிக்கும், தடிப்பு வரும். சிலருக்கு மூச்சு இரையும். பார்த்துக்கொண்டிருக்கும் தாய் பயந்து ஊசியைக் கழற்றச் சொல்வதுண்டு. இது பெரும்பாலும் உண்மையான ஒவ்வாமை அல்ல. மருந்து வேகமாக ஏறுவதால் வருவது. தாதியிடம் உடனே சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் நிறுத்தி, அரிப்புக்கு மருந்து கொடுத்து, மெதுவாக மீண்டும் தொடங்குவார்கள். ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடக் கூடாது.

இப்போது அதே பெண் யாரிடமும் சொல்லாத இரவை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் இரண்டு தடவை வாந்தி. காலையில் பிரட்டுக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறாள். அடுத்த நாள் பின்னிரவில் வலது விலாவின் கீழ் வலி பொறுக்க முடியவில்லை. வைத்தியசாலைக்கு வரும்போது 30 மணித்தியாலம் கடந்துவிட்டது. இரத்தத்தில் பரசிற்றமோல் அநேகமாக இல்லை. ஏஎல்டி ஆயிரங்களில் இருக்கிறது. இரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் ஐஎன்ஆர் எண் ஏறிக்கொண்டிருக்கிறது. மருந்து உடனே தொடங்கப்படும். ஆனால் இனிச் சீனி அளவு, சிறுநீரகம், இரத்தத்தின் அமிலத் தன்மை, நினைவு ஆகியவற்றை மணிக்கு மணி பார்க்க வேண்டும். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை கடந்து கண்டி அல்லது பேராதனைக்கு அனுப்ப வேண்டி வரலாம். ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை ராகம போன்ற மிகச் சில இடங்களில் மட்டுமே செய்யப்படுகிறது. எல்லா நோயாளிகளுக்கும் அது கைகூடுவதில்லை. இரண்டு கதைகளிலும் விழுங்கிய அளவு ஒன்றே. அக்காவிடம் சொன்ன ஒரு வாக்கியம் மட்டுமே வேறு.

அசிற்றைல்சிஸ்ரீன் கையில் இல்லாவிட்டால்

இலங்கை வைத்தியசாலைகளில் மெதியோனின் என்ற குளிசையும் மாற்று மருந்தாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. விலை குறைவு, வாயால் கொடுக்கலாம். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 2.5 கிராம் வீதம் நான்கு தடவை கொடுப்பார்கள். ஈரல் அதைச் சிஸ்ரீனாக மாற்றிக் குளுற்றாதயோன் செய்யும். குறையும் அங்கேதான் இருக்கிறது. மாற்றுவதற்கு நலமான ஈரல் வேண்டும். ஆகவே எட்டு முதல் பத்து மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் மட்டுமே அதை நம்பலாம். வாந்தி எடுப்பவருக்கு உள்ளே தங்காது. கரித்தூள் குடித்திருந்தால் அது மெதியோனினையும் உறிஞ்சிவிடும். பெரிய வைத்தியசாலை தூரத்தில் இருக்கும்போது, சிறிய வைத்தியசாலையில் முதல் தடவையைக் கொடுத்துவிட்டு அனுப்புவது வீணான ஒரு மணித்தியாலத்தை மிச்சப்படுத்தும்.

தெரியாமல் கூடிப்போவது

எல்லோரும் சாக நினைத்து அளவு மீறுவதில்லை. பல்லைப் பிடுங்க நகரத்துக்குப் போக ஒரு நாள் சம்பளம் போகும் என்று, மூன்று நான்கு நாட்கள் பனடோலிலேயே காலம் தள்ளுபவர்கள் உண்டு. தோட்ட டிஸ்பென்சரிக் குளிசை ஒருபக்கம், கடையில் வாங்கிய பனடோல் மறுபக்கம், தடிமலுக்குப் பாமசியில் தந்த கலவைக் குளிசை இன்னொரு பக்கம். மூன்றிலும் பரசிற்றமோல் இருக்கலாம். விழுங்குபவர் மூன்று வேறு மருந்துகள் என்று நினைப்பார். ஈரலுக்கு மூன்றும் ஒன்றே.

ஒரு குளிசையில் 500 மில்லிகிராம் இருக்கிறது. நல்ல உடல்நிலையில் உள்ள, 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவர் ஒரு தடவைக்கு இரண்டு, ஒரு நாளில் எட்டுக்கு மேல் இல்லை. அந்த எட்டு என்பது எல்லை. இலக்கு அல்ல. 40 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அதே எட்டு அதிகம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் ஒரு தடவைக்கு ஒரு குளிசை, ஆறு மணித்தியால இடைவெளியில் நாளுக்கு நான்கு என்பதே பொருத்தம்.

சிலருக்கு எல்லை இன்னும் கிட்டே இருக்கும். பல நாள் சரியாகச் சாப்பிடாதவரின் ஈரலில் குளுற்றாதயோன் கையிருப்பு ஏற்கெனவே குறைவு. நாள்தோறும் சாராயமோ கசிப்போ குடிப்பவரிடம் நாப்கி செய்யும் நொதியம் கூடுதலாக இருக்கும், கையிருப்பும் குறைந்திருக்கும். சில வலிப்பு மருந்துகளும் காசநோய் மருந்துகளும் நொதியங்களைத் தூண்டும். இத்தகையோர் வைத்தியரிடம் கேட்டே எடுக்க வேண்டும். நாட்கணக்கில் கூடுதலாக எடுத்தவருக்கு முன் சொன்ன வரைபடம் பொருந்தாது. தொடங்கிய நேரம் ஒன்றல்ல, பல. அவரிடம் இரத்தத்தில் மிச்சமுள்ள மருந்தையும் ஏஎல்டியையும் சேர்த்துப் பார்த்தே வைத்தியர் முடிவெடுப்பார். காய்ச்சல் குறைந்த பிறகும் குமட்டல், வலது பக்க வலி, கருஞ்சிறுநீர், மஞ்சள் கண் தொடர்ந்தால் அடுத்த பனடோலை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வீட்டார் செய்ய வேண்டியது

ஒருவர் அளவு மீறி விழுங்கிவிட்டார் என்று தெரிந்தாலோ சந்தேகித்தாலோ, அவர் சுகமாகத் தோன்றினாலும் அந்த நேரமே புறப்பட வேண்டும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், தேங்காய்ப்பால் எதுவும் நாப்கியைத் தடுக்காது. நேரத்தை மட்டும் தின்னும். வெறும் கார்ட்களையும் கடதாசி உறைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரு துண்டுக் கடதாசியில் விழுங்கிய நேரத்தை இலக்கத்தில் எழுதுங்கள். வார்ட்டில் தமிழ் தெரிந்தவர் இல்லாத இரவிலும் 8.00 என்ற இலக்கம் எல்லோருக்கும் விளங்கும். வேறு வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டால் அந்தக் கடதாசியும் கூடவே போகட்டும்.

பொலிஸுக்குப் பயந்து மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இலங்கையில் தற்கொலை முயற்சி 1998 இலிருந்து குற்றமல்ல. வைத்தியரிடம் உண்மையைச் சொன்னதற்காக யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. ஊர் என்ன சொல்லும் என்று பொய்க் காரணம் சொன்னால், காய்ச்சலுக்குச் சிகிச்சை நடக்கும், ஈரல் போய்க்கொண்டிருக்கும்.

வன்னியில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். 1977இலும் 1983இலும் வன்முறைக்குத் தப்பி மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. இழப்புகளின் பாரம் இரண்டு இடங்களிலும் இருக்கிறது, பெரிய வைத்தியசாலைக்கான தூரமும் இரண்டு இடங்களிலும் இருக்கிறது. வீட்டில் மனம் உடைந்த ஒருவர் இருந்தால் குளிசைகளை நிறைய வாங்கி வைக்காதீர்கள். இருப்பதைப் பூட்டி வையுங்கள். பலர் விழுங்குவது ஒரு கணத்தின் கொந்தளிப்பில். கைக்கெட்டாமல் இருந்தால் அந்தக் கணம் கடந்துவிடும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கே வந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம். ஏற்கெனவே விழுங்கிவிட்டிருந்தால் பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள். மருந்து இருக்கிறது. எட்டு மணித்தியாலமும் இருக்கிறது.